38 ஆயிரம் ரூபா பம்புக்கு பர்சேஸ் ஆர்டர், அதான் பிஓ, போட 23 நாள். ஃபைல் எங்க நிக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஸ்பேனர்24:
எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஆட்டோ காம்பொனென்ட் கம்பெனில மெயின்டனன்ஸ் பாக்கறேன். போன மாசம் ஒரு டர்னிங் சென்டர்ல ஹைட்ராலிக் பம்ப் போயிடுச்சு. பம்ப் விலை 38,400. டீலர் கடை எங்க கேட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கு, சரக்கும் கைல வச்சிருக்காரு. பிஓ வந்த மறுநாளே கொண்டு வந்து குடுத்துட்டாரு. ஆனா அந்த பிஓ வெளிய வர 23 நாள் ஆச்சு. அதுவரைக்கும் பழைய மெஷின்ல இருந்த பம்பை கழட்டி இதுல மாட்டி ஓட்டினோம், பழைய மெஷின் சும்மா நின்னுச்சு.

ஃபைலை எடுத்து கையெழுத்து தேதியெல்லாம் பாத்தேன். அப்படியே போடறேன்.

3ம் தேதி செவ்வாய் காலைல இண்டென்ட், அதாவது இது வேணும்னு கேக்கற சீட்டு, எழுதினது. எங்க எச்ஓடி கையெழுத்து 4ம் தேதி. ஸ்டோர்ஸ்ல "ஸ்டாக் இல்லை"ன்னு சீல் குத்தணும், அங்க ஐட்டம் கோட் தப்புன்னு திருப்பி அனுப்பி, நாங்க திருத்தி குடுத்து, சீல் விழுந்தது 7ம் தேதி. அப்புறம் அக்கவுண்ட்ஸ்ல பட்ஜெட் இருக்கான்னு பாக்கற கையெழுத்து, அது 10ம் தேதி. பர்சேஸ் ட்ரேல ரெண்டு நாள் கிடந்து 12ம் தேதி மூணு பேருக்கு என்கொயரி போச்சு. முதல் கொட்டேஷன் அன்னிக்கே வந்துடுச்சு, ரெண்டாவது மறுநாள், மூணாவது 18ம் தேதி. 19ம் தேதி மூணு விலையையும் ஒப்பிட்டு கம்பாரிடிவ் ஸ்டேட்மென்ட் போட்டு எங்ககிட்ட டெக்னிக்கல் ஓகே வாங்கினாங்க. 20ம் தேதி வெள்ளிக்கிழமை பர்சேஸ் மேனேஜர், பிளான்ட் ஹெட் ரெண்டு பேரும் போட்டாங்க. ஃபைனான்ஸ் ஹெட் 24, எம்டி 26, அன்னிக்கே பிஓ மெயில் போச்சு.

பிளான்ட் ஹெட் இப்ப என்னையும் பர்சேஸ்ல ஒருத்தரையும் கூப்பிட்டு இந்த பிராசஸை முழுசா வரைஞ்சு கொண்டு வாங்க, எதை எடுக்கலாம்னு சொல்லுங்கன்னுட்டாரு. எனக்கு மெஷின் தெரியும், பேப்பர் வேலை தெரியாது. எங்க ஆரம்பிக்கறது? கட்டம் கட்டமா ஃப்ளோ சார்ட் போட்டா போதுமா?

ஈஆர்பி_பையன்:
ப்ரோ இதுக்கு வரைஞ்சு என்ன பண்ண போறீங்க, பேப்பர் இண்டென்ட் தான் பிரச்னையே. அப்ரூவல் வொர்க்ஃப்ளோ உள்ள ஒரு சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் மொபைல்லயே வரும், எம்டி ஏர்போர்ட்ல இருந்தாலும் ஒரு டச்ல ஓகே பண்ணிடுவாரு. ஒரகடத்துல எங்க பிளான்ட்ல போட்டோம், ஃபைல் தூக்கிட்டு அலையறதே இல்ல. யார்கிட்ட நிக்குதுன்னு உடனே தெரியும்.

பர்சேஸ்காரர்:
தம்பி ஸ்பேனர், நான் முப்பது வருஷத்துக்கு மேல பர்சேஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். கேள்வியை தேதியோட போட்டிருக்கீங்க, அதுவே பாதி வேலை.

முதல்ல உங்க 23 நாளை பிரிச்சு பாருங்க. எச்ஓடி 1, ஸ்டோர்ஸ் 3, பட்ஜெட் 3, பர்சேஸ் ட்ரே 2, கொட்டேஷன் 6, ஸ்டேட்மென்ட்டும் டெக்னிக்கலும் 1, மேனேஜரும் பிளான்ட் ஹெட்டும் 1, ஃபைனான்ஸ் ஹெட் 4, எம்டி 2. கூட்டினா 23 வருது. இப்ப இன்னொரு கணக்கு போடுங்க. இந்த ஃபைல் மேல யாராவது உண்மைல கை வச்சு வேலை பார்த்த நேரம் எவ்வளவு? இண்டென்ட் எழுத பத்து நிமிஷம், ஸ்டோர்ஸ்ல தேட கால் மணி, மெயில் அனுப்ப இருபது நிமிஷம், ஸ்டேட்மென்ட் போட முக்கால் மணி, பிஓ அடிக்க இருபது நிமிஷம், கையெழுத்தெல்லாம் ஆளுக்கு ரெண்டு நிமிஷம். எப்படி இழுத்தாலும் ரெண்டரை மணி நேரம் தாண்டாது. மீதி எல்லாம் ட்ரேல தூங்கின நேரம். அதனால "எல்லாரும் வேகமா வேலை பாருங்க"ன்னு சர்க்குலர் விட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, வேலை பாக்கற நேரத்துல குறைக்க ஒண்ணுமே இல்லையே.

ஃப்ளோ சார்ட் மட்டும் போட்டா மாட்டிப்பீங்க. கட்டம் எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கும், ரெண்டு நிமிஷ கையெழுத்தும் ஆறு நாள் காத்திருப்பும் பாக்க ஒண்ணு மாதிரியே தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கு கீழயும் மூணு விஷயம் எழுதுங்க. வேலை நேரம் எவ்வளவு, காத்திருந்தது எவ்வளவு, அந்த மேஜைல இருந்து எத்தனை ஃபைல் திரும்பி போச்சு. மூணாவதை எல்லாரும் விட்டுடுவாங்க, அதுல தான் விஷயமே இருக்கு.

அப்புறம் ஒரு ஃபைலை வச்சு முடிவு பண்ணாதீங்க. கடைசி மூணு மாசத்துல முடிஞ்ச பிஓல முப்பது போல எடுங்க, நல்லா இழுத்ததை மட்டும் பொறுக்காம வரிசையா எடுங்க. கேபிடல் ஐட்டம் தனியா வச்சிடுங்க, புது மெஷின் வாங்கற ஃபைல் நாலு மாசம் ஓடும், அதை இதோட கலந்தா சராசரியே கெட்டுடும். அதனால தான் சராசரிய பாக்காம, சின்னதுல இருந்து பெருசா அடுக்கி நடுவுல நிக்கறதை பாருங்கன்னு சொல்றேன்.

ஒரு சிக்கல் வரும். கையெழுத்து தேதி ஃபைல் வெளிய போன நாளை தான் சொல்லும், மேஜைக்கு வந்த நாளை சொல்லாது. முன்னாடி ஆள் போட்ட தேதியையே வந்த தேதின்னு எடுத்தீங்கன்னா நடுவுல ஆபீஸ் பையன் ரவுண்டு வர்ற நேரமும் அந்த ஆள் தலைல விழும், அவர் கோவப்படுவாரு, நியாயம் தான். இன்னிக்கு இருந்தே ஒவ்வொரு புது ஃபைல் மேலயும் ஒரு சீட்டு ஒட்டி "வந்தது, போனது"ன்னு நேரம் எழுத சொல்லுங்க.

ஈஆர்பி தம்பி, நீங்க சொல்றதுல யார்கிட்ட நிக்குதுன்னு தெரியும்ங்கறது சரி, அது பெரிய விஷயம். ஆனா தேவையில்லாத கையெழுத்தை மொபைலுக்கு மாத்தினா அது மொபைல்ல நிக்கும். உங்க பிளான்ட்ல எம்டி இன்பாக்ஸ்ல இப்ப எத்தனை பெண்டிங் இருக்குன்னு பாத்து சொல்லுங்க.

ஈஆர்பி_பையன்:
சார் பாத்தேன். எம்டிகிட்ட 41. இதுல பாதி ஐயாயிரத்துக்கு கீழ. சாஃப்ட்வேர் போடறப்ப பேப்பர்ல இருந்த அதே லெவலை அப்படியே ஏத்திட்டாங்க, யாரும் கேள்வி கேக்கல. ஆனாலும் நான் சொல்றது, தேதி எடுக்கவாவது சிஸ்டம் வேணும். முப்பது ஃபைலை கையால எடுக்கறது பெரிய வேலை.

திருமுடிவாக்கம்_லேத்:
டிலே பத்தி பேசறீங்களே, சப்ளையர் கஷ்டம் யாருக்காவது தெரியுமா? பிஓ லேட்டானா ஆகட்டும், பில்லு குடுத்து 90 நாள், 110 நாள் ஆகியும் பணம் வரல. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள்னு 2006 சட்டத்துலயே இருக்கு. வருமான வரிலயும் இதுக்கு ஒரு பிரிவு வேற வந்துடுச்சு, அந்த கெடுவுக்குள்ள குடுக்கலன்னா பணம் குடுக்கற வருஷத்துல தான் செலவா காட்ட முடியும். அப்பவும் அக்கவுண்ட்ஸ்ல போய் கேட்டா சரக்கு வந்து சேந்ததுக்கான சீட்டு, அந்த ஜிஆர்என், வரலங்கறான். இதை சரி பண்ண வழி சொல்லுங்க முதல்ல.

பர்சேஸ்காரர்:
அண்ணே உங்க வலி நியாயம், ஆனா தம்பி கேக்கறது பிஓ போடறதுக்கு முன்னாடி உள்ள கதை, நீங்க சொல்றது சரக்கு வந்த பிறகு உள்ளது. ஜிஆர்என்ல நிக்குதுன்னா அதுக்கு தனியா ஒரு இழை போடுங்க, நான் வர்றேன். இங்க உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். பெரிய கம்பெனில இருந்து சின்ன ஐட்டத்துக்கு மூணு கொட்டேஷன் கேட்டா என்ன நடக்கும்? மனசுல உள்ளதை சொல்லுங்க.

திருமுடிவாக்கம்_லேத்:
என்ன நடக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சது தான். பர்சேஸ்ல இருந்து ரெகுலர் ஆளுக்கு போன் வரும், "இன்னும் ரெண்டு கொட்டேஷன் வேணும், நீங்களே பாத்து குடுங்க"ன்னு. நம்ம சொன்னா பக்கத்து ஷெட்காரர் தன் லெட்டர்ஹெட்ல பத்து பர்சென்ட் ஏத்தி குடுப்பாரு, நாளைக்கு அவருக்கு நம்ம குடுப்போம். அப்படி ஏற்பாடு பண்ணாம நேர்மையா வெளி ஆள்கிட்ட கேட்டா, ஆர்டர் தனக்கு வராதுன்னு தெரிஞ்சு அவர் கண்டுக்கவே மாட்டாரு. நாலு தடவை போன் போட்டா தான் ஒரு வாரம் கழிச்சு அனுப்புவாரு.

ஸ்பேனர்24:
இது எனக்கு இப்ப தான் புரியுது. எங்க ஃபைல்ல மூணாவது கொட்டேஷன் குடுத்தவர் அந்த பிராண்டே விக்கறதில்ல. டீலர்கிட்டயே வாங்கி மேல மார்ஜின் வச்சு விலை போட்டிருக்காரு, அதுக்கு தான் நாங்க ஆறு நாள் காத்திருக்கோம். சார் சொன்ன மாதிரி முப்பது பிஓ எடுக்க ஆரம்பிக்கறேன். முடிச்சுட்டு வர்றேன்.

லேப்_இன்சார்ஜ்:
நான் ஒரு அரசு காலேஜ்ல இருக்கேன். இங்க ஒரு மல்டிமீட்டர் வாங்க இதைவிட நீளம். ஆனா நாங்க எதையும் எடுக்க முடியாது, தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம் 1998ன்னு ஒண்ணு இருக்கே. கவர்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு இந்த விவாதத்துல ஏதாவது இருக்கா, இல்ல பிரைவேட்டுக்கு மட்டும் தானா?

பர்சேஸ்காரர்:
இருக்கு மேடம். உங்க ஸ்டெப் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "இது எந்த விதில இருக்கு"ன்னு எழுதுங்க. சட்டம், விதி, அரசாணைன்னு காட்ட முடிஞ்சதை தொடாதீங்க. அப்படி எழுதிட்டு போனா சில ஸ்டெப்புக்கு பக்கத்துல ஒண்ணுமே எழுத முடியாது, "முன்னாடி இருந்த சூப்பரின்டெண்டென்ட் அப்படி தான் கேப்பாரு"ன்னு தான் பதில் வரும். ஒரே இண்டென்ட்டை மூணு ரிஜிஸ்டர்ல எழுதறது, கவரிங் லெட்டரை ரெண்டு தடவை ஃபேர் காப்பி எடுக்கறது எல்லாம் எந்த சட்டமும் கேக்கல. உங்களால எடுக்க முடிஞ்சது அது தான், அதுலயே சில நாள் குறையும்.

ஸ்பேனர்24:
திரும்ப வந்துட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. பர்சேஸ்ல இருக்கற நண்பரும் நானும் உக்காந்து 32 பிஓ எடுத்தோம், கேபிடல் சேக்கல. ஒவ்வொண்ணா எல்லா மேஜைக்கும் போய் ரிஜிஸ்டரோட தேதிய ஒத்து பாத்தோம்.

நடுவுல நிக்கறது 17 நாள். குறைஞ்சது 6, அதிகம் 34.

திரும்பி போனது தான் எங்களுக்கே ஆச்சரியம். 32ல 14 ஃபைல் ஒரு தடவையாவது திரும்பியிருக்கு. அந்த 14ல 9 எங்க டிபார்ட்மென்ட்ல இருந்து போனது, ஐட்டம் கோட் தப்பு, இல்ல மேக், மாடல், பார்ட் நம்பர் எதுவும் எழுதாம "ஆயில் சீல் 2 நம்பர்"ன்னு மட்டும் எழுதினது. ஒரு தடவை திரும்பினா மூணு நாள் போயிடுது, திருத்தறது அஞ்சு நிமிஷம் தான்.

ஒவ்வொரு கையெழுத்தும் எதையாவது நிறுத்தியிருக்கா, மாத்தியிருக்கான்னும் பாத்தோம். அக்கவுண்ட்ஸ் பட்ஜெட் மேஜை ரெண்டை நிறுத்தியிருக்கு, ரெண்டும் பட்ஜெட் தாண்டினது, சரியான காரணம். பிளான்ட் ஹெட் ஒண்ணை வேண்டாம்னு சொல்லியிருக்காரு. ஃபைனான்ஸ் ஹெட் ஒண்ணும் இல்ல. எம்டி ஒண்ணும் இல்ல.

32ல 21 பிஓ 25 ஆயிரத்துக்கு கீழ. ஆனா மொத்த மதிப்புல அது எல்லாம் சேர்ந்து 9 பர்சென்ட் தான். அதுக்கும் அதே பன்னிரண்டு ஸ்டெப், அதே எம்டி.

ஃபைனான்ஸ் ஹெட் செவ்வாய், வெள்ளி மட்டும் தான் பர்சேஸ் ஃபைல் பாக்கறாரு. என் பம்ப் ஃபைல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போயிருக்கு, அன்னிக்கு அவர் பாத்து முடிச்சிட்டாரு, அதான் செவ்வாய் வரைக்கும் நின்னுருக்கு.

பர்சேஸ்காரர்:
அருமையா எடுத்திருக்கீங்க தம்பி. செவ்வாய் வெள்ளி கதையை கொஞ்சம் விரிச்சு சொல்றேன், ஏன்னா இது எல்லா ஆபீஸ்லயும் இருக்கு, யாரும் இதை தாமதம்னே நினைக்கறதில்ல. செவ்வாய்ல இருந்து வெள்ளி 3 நாள், வெள்ளில இருந்து செவ்வாய் 4 நாள். ஃபைல் எந்த நாள் வேணா வரலாம்னு வச்சா, ஒரு தப்பும் இல்லாத ஃபைல் கூட சராசரியா ரெண்டு நாளுக்கு கொஞ்சம் குறைவா அங்க நின்னே ஆகணும். அதோட இன்னொரு கெடுதல், அவர் ஒரே நேரத்துல முப்பது ஃபைலை தள்ளி விடுவாரு, அடுத்து எம்டி மேஜைல ஒரே நாள் முப்பது குவியும், அது முடிஞ்சு பிஓ அடிக்கற பையன் மேல முப்பதும் ஒண்ணா விழும். அந்த பையன் ஸ்லோன்னு பேர் வாங்குவான், அவன் தப்பு ஒண்ணும் இருக்காது. கையெழுத்து போடறதுல அவருக்கு ஆகற மொத்த நேரம் மாறாது, தினமும் சாயங்காலம் அரை மணி ஒதுக்கினா போதும். இதுக்கு பைசா செலவில்ல, யாரோட அதிகாரமும் குறையல, அதனால முதல்ல இதை கேளுங்க, ஈசியா ஒத்துப்பாங்க.

இன்னொரு கணக்கும் எடுத்து வைங்க. இப்ப பிஓ போடாம நிக்கற இண்டென்ட் மொத்தம் எத்தனைன்னு எண்ணுங்க. ஒரு நாளைக்கு எத்தனை பிஓ வெளிய போகுதுன்னு பாருங்க. முதல் நம்பரை ரெண்டாவதால வகுத்தா இன்னிக்கு உள்ள வர்ற இண்டென்ட் எத்தனை நாள்ல வெளிய வரும்னு உத்தேசமா வந்துடும். அது உங்க 17க்கு பக்கத்துல வந்தா நீங்க எடுத்த 32 சரியான மாதிரின்னு அர்த்தம்.

ஸ்பேனர்24:
எண்ணிட்டேன் சார். ட்ரே, டிராயர், பை எல்லாம் பாத்து 88 இண்டென்ட் நிக்குது. போன ஆறு வாரமா தினம் அஞ்சு, ஆறு பிஓ தான் போகுது. ஆறுன்னு வச்சா 15, அஞ்சுன்னா 18 நாள் கிட்ட வருது, ஒத்து போகுது. எண்ணினப்ப ஒண்ணு தெரிஞ்சது, அந்த 88ல ஏழு இண்டென்ட் யாருக்கும் இப்ப தேவையே இல்ல, லோக்கல்ல பெட்டி கேஷ்ல வாங்கி போட்டுட்டாங்க, ஆனா இண்டென்ட் ஓடிட்டே இருக்கு.

இப்ப என் யோசனை இது. எம்டி கையெழுத்தும் ஃபைனான்ஸ் ஹெட் கையெழுத்தும் ஒண்ணையும் நிறுத்தல, அதனால ரெண்டையும் ஒரு லட்சம் வரைக்கும் எடுத்துடலாம்னு எழுத போறேன். சரியா?

ஆடிட்_மேசை:
கொஞ்சம் நில்லுங்க. நான் இன்டர்னல் ஆடிட் பண்றவ. இதுவரைக்கும் எழுதினது எல்லாம் எனக்கு பிடிச்சிருக்கு, ஆனா "ஒண்ணும் நிறுத்தல, அதனால வேண்டாம்"ங்கற வாதம் முழுசா சரியில்ல. எம்டி பாக்கறாருன்னு தெரிஞ்சதால தான் கீழ இருக்கறவங்க ஒழுங்கா இருக்காங்களோ என்னவோ. அது உங்க 32 ஃபைல்ல தெரியாது. கையெழுத்தை எடுத்த பிறகு தான் தெரியும், அப்ப லேட்.

நான் பாத்த ஒரு இடத்துல லிமிட்டை ஏத்தினாங்க. ஆறு மாசத்துல லிமிட்டுக்கு கொஞ்சம் கீழ பிஓ எண்ணிக்கை கூடுச்சு, ஒரே வெண்டருக்கு ஒரே வாரத்துல மூணு பிஓ, ஒரே மாதிரி ஐட்டம். பிரிச்சு பிரிச்சு போட்டிருக்காங்க. யாரும் கவனிக்கல, ஏன்னா கையெழுத்தை எடுத்தவங்க அதுக்கு பதிலா ஒண்ணும் வைக்கல.

அப்புறம் கம்பெனி சைஸை பொறுத்து, இன்டர்னல் ஃபைனான்ஷியல் கன்ட்ரோல் சரியா இருக்கான்னு ஸ்டாட்யூட்டரி ஆடிட்டர் ரிப்போர்ட்ல சொல்லணும், 2013 கம்பெனி சட்டத்துல அது இருக்கு. சின்ன பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. நீங்க கையெழுத்தை குறைச்சா அது தப்புன்னு ஆடிட்டர் சொல்ல மாட்டாரு. ஆனா எழுத்துல இருக்கற அதிகார பட்டியல் ஒண்ணு, நடக்கறது ஒண்ணுன்னா கண்டிப்பா எழுதுவாரு. அதனால வாய்வார்த்தையா மாத்தாதீங்க, பட்டியலை திருத்தி எம்டி கையெழுத்தோட வைங்க.

பர்சேஸ்காரர்:
மேடம் சொல்றதை ஒத்துக்கறேன், ஆனா முழுசா இல்ல. பயம் இருக்கறதால ஒழுங்கா இருக்காங்கன்னா அந்த பயத்துக்கு ஃபைல் ரெண்டு நாள் நிக்கணும்னு அவசியமில்ல. பிஓ போன பிறகு எம்டிக்கு மாசாமாசம் லிஸ்ட் போகட்டும். வெண்டர் வாரியா, லிமிட்டுக்கு கீழ கடைசி பத்து பர்சென்ட்ல விழுந்த பிஓ எல்லாம் தனியா. அதுல ஏதோ அஞ்சை உருவி "ஃபைலை கொண்டு வா"ன்னு அவர் கேட்டா போதும், இப்ப இருக்கறதைவிட பயம் ஜாஸ்தி இருக்கும். இப்ப தினம் குவியலா வர்றதுல எதையுமே அவர் படிக்கறதில்ல, அதை கீழ இருக்கறவனும் தெரிஞ்சு தான் வச்சிருக்கான்.

இன்னும் ஒண்ணு. எத்தனை கையெழுத்துங்கறதைவிட யார் யார் கையெழுத்துங்கறது முக்கியம். இண்டென்ட் போடறவர், பிஓ போடறவர், சரக்கு வாங்கி எண்ணறவர், பணம் குடுக்கறவர், இந்த நாலும் ஒரே ஆளா இருக்க கூடாது. புது வெண்டர் ஏத்தறதும், இருக்கற வெண்டரோட பேங்க் அக்கவுண்ட் மாத்தறதும் அக்கவுண்ட்ஸ் கையில தான் இருக்கணும், அந்த செக்கை எவ்வளவு அவசரம்னாலும் எடுக்காதீங்க. இதை வச்சுகிட்டு மேல உள்ளதை தாராளமா குறைக்கலாம்.

ஆடிட்_மேசை:
அந்த மாச லிஸ்ட்டை யார் எடுப்பா? பர்சேஸே எடுத்து எம்டிக்கு குடுத்தா அதுக்கு அர்த்தம் இல்ல. அக்கவுண்ட்ஸ் எடுக்கணும். மூணு மாசம் ஆர்வமா பாப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க, நான் நிறைய பாத்துட்டேன். அதுல எனக்கு இன்னும் நம்பிக்கை வரல.

ஈஆர்பி_பையன்:
லிமிட் பிரச்னை இருக்கட்டும். டெக்னிக்கல் ஓகே, பட்ஜெட், ஸ்டோர்ஸ் எல்லாத்தையும் ஒரே நேரத்துல அனுப்பிட்டா? ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னு ஏன் போகணும், பேரலலா போனா மூணும் மூணு நாள்ல முடியும்.

பர்சேஸ்காரர்:
ஸ்டோர்ஸும் பட்ஜெட்டும் ஒண்ணா போகலாம், ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்ல. நல்ல யோசனை. ஆனா டெக்னிக்கல் ஓகே அப்படி முடியாது, கொட்டேஷன் வந்தா தானே எந்த மாடல்னு பாத்து சொல்ல முடியும். இண்டென்ட்லயே மேக், மாடல், பார்ட் நம்பர் பக்காவா இருந்து அதையே கோட் பண்ணினா, அங்க மட்டும் டெக்னிக்கல் ஓகே தேவையே இல்ல. ஒரு ஸ்டெப்பை இன்னொண்ணோட சேர்த்து ஓட்டறதைவிட அது தேவைப்படாம பண்றது நல்லது.

ஸ்பேனர்24:
மீட்டிங் முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

சுவர்ல பிரவுன் ஷீட் ஒட்டி பம்ப் ஃபைலை நாள் கணக்குக்கு ஏத்த நீளத்துல வரைஞ்சோம், ஒரு நாளுக்கு ஒரு ஜாண். வேலை நடந்த இடம் மட்டும் சிவப்பு. மொத்த ஷீட்லயும் சிவப்பு அங்கங்க ஒரு கோடு மாதிரி தான் இருந்துச்சு. ஃபைனான்ஸ் ஹெட் ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே தினம் 4 மணிக்கு பாத்துடறேன்னு அவரே சொல்லிட்டாரு.

ஏத்துகிட்டது இது. எங்க மெஷினுக்கு திரும்ப திரும்ப வாங்கற பெல்ட், சீல், பேரிங், இன்சர்ட், கூலன்ட் ஆயில்னு நாப்பது ஐட்டத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உண்மையா போட்டி வச்சு விலையை முன்னாடியே பேசி வைக்கற ரேட் கான்ட்ராக்ட். அந்த லிஸ்ட்ல இருக்கற ஐட்டத்துக்கு கொட்டேஷன் கிடையாது, ஸ்டேட்மென்ட் கிடையாது, எங்க எச்ஓடியும் பர்சேஸ் மேனேஜரும் போட்டா பிஓ. பட்ஜெட் செக் ஒரே தடவை, அதுவும் ஸ்டோர்ஸ் சீலோட ஒண்ணா. இண்டென்ட் புக்ல ஐட்டம் கோட், மேக், பார்ட் நம்பர் மூணுக்கும் தனி கட்டம் அடிச்சாச்சு, காலியா இருந்தா ஸ்டோர்ஸ் வாங்கவே கூடாது, கையோட நிக்க வச்சு கேக்கணும். நேம்பிளேட் போட்டோவை பின்னாடி பின் பண்ணிடறோம்.

எம்டி லிமிட் ஒரு லட்சம் கேட்டோம், அவர் ஒத்துக்கல. 50 ஆயிரம் வரைக்கும் பிளான்ட் ஹெட் போதும்னு எழுதி குடுத்தாரு, ஆறு மாசம் பாத்துட்டு பேசலாம்னாரு. மாச லிஸ்ட் அக்கவுண்ட்ஸ் தான் எடுக்கறாங்க, மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மூணு வாரத்துல ரேட் கான்ட்ராக்ட் ஐட்டம் நாலு நாளுக்குள்ள போகுது. திரும்பற ஃபைல் நல்லா குறைஞ்சிருக்கு. ஆனா 50 ஆயிரத்துக்கு மேல உள்ளது அப்படியே தான் இருக்கு, இப்ப எம்டிகிட்ட கம்மியா போகுது, இருந்தும் அங்க ரெண்டு நாள் நிக்குது. அது ஏன்னு புரியல.

புதுசா ஒரு பிரச்னையும் வந்திருக்கு. பிரேக்டவுன்னா பிளான்ட் ஹெட் போன்லயே ஓகே சொல்லி அன்னிக்கே பிஓ போடலாம், பேப்பர் ரெண்டு நாளுக்குள்ள வரணும்னு ஒரு வழி வச்சோம். முதல் வாரம் ரெண்டு வந்துச்சு. மூணாவது வாரம் பதினொண்ணு.

பர்சேஸ்காரர்:
எதிர்பாத்தது தான். பதினொண்ணையும் எடுத்து உங்க மெஷின் டவுன் ரிஜிஸ்டர் பக்கத்துல வைங்க. அந்த நேரத்துல அந்த மெஷின் நின்னதா பதிவு இருக்கான்னு பாருங்க. இல்லாததுக்கு ஆளை திட்டாதீங்க, என்ன ஐட்டம்னு பாருங்க. பெரும்பாலும் ரேட் கான்ட்ராக்ட்ல விட்டு போன ஐட்டமா தான் இருக்கும், சாதா வழி இன்னும் இழுக்கறதால இந்த வழில வர்றாங்க. அதை நாப்பதோட சேர்த்துடுங்க. மீதியை பிளான்ட் ஹெட் பாக்கட்டும். இண்டென்ட்ல மெஷின் நம்பரும் நின்ன நேரமும் எழுதாம போன் அப்ரூவல் கிடையாதுன்னு வச்சிடுங்க.

எம்டி ரெண்டு நாளுக்கு, அவர் செயலாளர் எப்ப ஃபைலை உள்ள வைக்கறாங்கன்னு கேளுங்க. பல இடத்துல ஃபைல் எம்டிகிட்ட நிக்காது, வெளிய இருக்கற மேஜைல நிக்கும்.

ஆடிட்_மேசை:
அந்த பதினொண்ணுல எத்தனை ஒரே வெண்டருக்கு போயிருக்குன்னும் சேர்த்து பாருங்க. பேப்பர் ரெண்டு நாள்ல வந்துச்சான்னும். வரலன்னா சரக்கு வந்த பிறகு போட்ட பிஓ மாதிரி ஆயிடும், ஆடிட்ல முதல்ல அதை தான் எடுப்பாங்க.

ஸ்பேனர்24:
பதினொண்ணையும் ஒத்து பாத்தேன் மேடம். நாலுக்கு டவுன் பதிவு இருக்கு. அஞ்சு, சார் சொன்ன மாதிரியே லிஸ்ட்ல விட்டு போன ஃபில்டரும் ஹோஸ் பைப்பும். ரெண்டுக்கு காரணம் தெரியல, ரெண்டும் ஒரே வெண்டர், ரெண்டுக்கும் பேப்பர் இன்னும் வரல. இன்னிக்கு பிளான்ட் ஹெட்கிட்ட குடுத்திருக்கேன். எம்டி செயலாளர் மேடம் திங்கள், வியாழன் தான் ஃபைல் உள்ள வைப்பாங்களாம், அவர் அந்த ரெண்டு நாள் தான் முழுசா ஆபீஸ்ல இருப்பாராம். அதுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் யோசிச்சுட்டு இருக்கோம்.

திருமுடிவாக்கம்_லேத்:
தம்பி, அந்த நாப்பது ஐட்டம் ரேட் கான்ட்ராக்ட்ல விலையை ஒரு வருஷம் கட்டி போட்டுடாதீங்க. ஸ்டீல், ஆயில் விலை ஏறினா சப்ளையர் நடுவுல சத்தம் போடாம சரக்கு தர்றதை நிறுத்திடுவான், நீங்க திரும்ப மூணு கொட்டேஷனுக்கு போக வேண்டி வரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை விலை திருத்த ஒரு வரி எழுதி வைங்க, எந்த விலை ஏறினா எவ்வளவு ஏத்தலாம்னு முன்னாடியே பேசி.

ஸ்பேனர்24:
இது எங்க கான்ட்ராக்ட்ல இல்லண்ணே. இன்சர்ட்டும் கூலன்ட்டும் இன்னும் கையெழுத்தாகல, அந்த ரெண்டுலயாவது இந்த வாரமே சேர்க்க சொல்றேன்.